நீங்கள் ஒட்டடை என்று துடைத்தெறிந்தது ஒரு தூண்டில்: அறிவியல் மையத்துக்குத் திறந்த மடல்

அறிவியல் மையத்தின் காட்சிக் குழுவினருக்கு,

கருவிகள் கூடத்தில் இருந்த பட்டங்கள் எல்லாவற்றையும் மாடியில் உள்ள சிறுவர் விளையாட்டு அறைக்கு மாற்றிவிட்டீர்கள். அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த விளக்க அட்டைகளை எடுத்துவிட்டு, "பட்டம்: சீனாவில் தோன்றிய விளையாட்டுப் பொருள்" என்று ஒற்றை வரியில் புதுப் பலகை மாட்டியிருக்கிறீர்கள். ஓலைப் பட்டத்தின் வாலிலிருந்து தொங்கிய சிலந்தி வலைத் தூண்டிலை அங்கே காணவில்லை. கேட்டதற்கு, சுத்தம் செய்தபோது ஒட்டடை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று பதில் வந்தது. துப்புரவுப் பணியாளரை நான் குறை சொல்லமாட்டேன். அது என்ன என்று சொல்லும் அட்டையை அவருக்கு முன்பே நீங்கள் கழற்றிவிட்டீர்கள்.

அந்தப் பட்டங்களை உங்கள் குழு கேட்டுக்கொண்டதன்பேரில் என் மாணவர்களோடு சேர்ந்து செய்து கொடுத்தவன் நான். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இடம் மாறியது என் மனக்குறை அல்ல. விளையாட்டு அறையில் இருப்பதும் பட்டத்துக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. நீங்கள் மாட்டியிருக்கும் வரி தவறானது, அதை நம்பி ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள் என்பதுதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

தூண்டிலிலிருந்தே தொடங்குகிறேன்.

பசிபிக் கடலில் சாலமன் தீவுகள் இருக்கின்றன. அங்கே மலைட்டா போன்ற தீவுகளில் ஓடத்திலிருந்து பட்டம் ஏற்றி மீன் பிடித்தார்கள். சேகோ பனையின் ஓலைகளைச் சேர்த்துத் தைத்து, விறைப்பான ஈர்க்குகளைக் கோத்துச் செய்யும் பட்டம் அது. ஏற்றும் கயிறு ஓடத்தில் இருப்பவரிடம் இருக்கும். பட்டத்தின் வால்புறத்திலிருந்து இன்னொரு கயிறு கடலை நோக்கித் தொங்கும். அதன் முனையில் முள் கிடையாது. சிலந்தி நூலைத் திரட்டிச் செய்த சிறு வளையம் மட்டும் இருக்கும். துடுப்புப் போடுபவர் காற்றை எதிர்த்து ஓடத்தைச் செலுத்துவார். பட்டம் காற்றில் அசைய அசைய, அந்த வளையம் நீரின் மேற்பரப்பில் துள்ளித் துள்ளிப் போகும்.

அவர்கள் குறிவைத்த மீன் நம் கடற்கரையிலும் எல்லாரும் அறிந்த முரல். நீண்டு மெலிந்த உடம்பு, அலகு போல நீண்ட வாய், அந்த வாய் முழுக்க ஊசிப் பற்கள். மேல்மட்டத்திலேயே திரியும். எங்கள் ஊர் மீனவர் ஒருவரிடம் இந்தப் பட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "முரலா? நெழலு பட்டாலே ஓடிரும் வாத்தியாரே" என்றார். சாலமன் தீவுக்காரர்களுக்கு இருந்த சிக்கலும் அதுவேதான். ஓடம் நெருங்கினால் மீன் கலைந்துவிடும். நெருங்காமல் தூண்டிலை எறிந்தாலோ, எறிந்த நூல் முழுக்க நீரில் விழுந்து மீனை மிரட்டும். பட்டத்தில் தொங்கவிட்டால் ஓடம் ஒரு பக்கம், தூண்டில் வெகுதொலைவில் இன்னொரு பக்கம். நீரைத் தொடுவது அந்த வளையம் மட்டுமே.

முள்ளுக்குப் பதில் சிலந்தி நூல் ஏன் என்பதற்கும் முரலின் வாயே காரணம். அந்த அலகு எலும்பாக இறுகியிருக்கும். முள் அதில் ஏறாமல் வழுக்கும். சிலந்தி நூல் திரளையைக் கவ்வினாலோ நூற்றுக்கணக்கான இழைகள் பற்களுக்கிடையே நுழைந்து சிக்கிக்கொள்ளும். மீன் உதற உதறச் சிக்கல் இறுகும். கடித்தது எப்படித் தெரியும்? மேலே இருக்கும் பட்டமே சொல்லும். வால் கயிறு இழுபட்டதும் அது வெடுக்கென்று தாழும். தூண்டிலைத் தூக்கிப் பிடிக்கும் கோலும், மீன் கடித்ததைக் காட்டும் மிதப்பும் ஒரே ஓலையில் அமைந்திருக்கின்றன.

உங்களுக்கு நாங்கள் செய்து கொடுத்த தூண்டில் எப்படி உருவானது என்பதை இப்போதாவது கேளுங்கள். எங்கள் ஊர்த் தோப்புகளில் மரத்துக்கு மரம் மஞ்சள் நிற வலை கட்டும் பெரிய சிலந்தி உண்டு. மழைக்காலம் முடியும் சமயம் நிறையத் தென்படும். கவட்டைக் குச்சியை அந்த வலைக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினால் நூல் குச்சியில் ஏறும். ஒரு வலையில் ஏறுவது கண்ணுக்கே தெரியாது. வலை மாற்றி வலையாகச் சுற்றிக்கொண்டே போனால்தான் பஞ்சு போலத் திரளும். இடையில் ஒட்டிக்கொள்ளும் பூச்சிச் சிறகுகளையும் சருகுத் துணுக்குகளையும் பொறுமையாகக் கிள்ளி எடுக்கவேண்டும். பிறகு குச்சியிலிருந்து வளையம் குலையாமல் உருவி, தண்ணீரில் நனைத்து, விரலால் நீவினால் வெளுத்த நாடா போல இறுகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விடியற்காலையில் தோப்பில் அலைந்து சேர்த்தது அது.

சேகோ பனை இங்கே இல்லாததால் பனங்குருத்தோலையைத் தைத்து, தென்னை ஈர்க்கைக் குறுக்கே கோத்தோம். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கரையில் காலைக் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். மீனவர்கள் கச்சான் என்பார்கள். பட்டம் கடல்பக்கமாகப் போகவேண்டும் என்பதால் அந்தக் காற்றுதான் வேண்டும். மதியம் கடற்காற்று திரும்பிவிட்டால் வேலை முடிந்தது. முதலில் எங்களுக்குச் சரிவரவில்லை. பட்டம் உயரே ஏறி ஏறி இறங்க, தூண்டில் ஒரு சமயம் அந்தரத்தில் ஆடியது, ஒரு சமயம் நீருக்குள் முழுகியது. ஏற்றும் கயிற்றைப் பட்டத்தோடு பிணைக்கும் மேல், கீழ் நூல்களைத்தான் சூத்திரம் என்கிறோம். சூத்திரத்தில் மேல் நூலைக் குறைத்துப் பட்டத்தின் நெற்றியைக் காற்றுக்குச் சாய்த்தால் இழுவை குறைந்து நடுங்கும். கீழ் நூலைக் குறைத்தால் காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு அசையாமல் தாழ்வாக நிற்கும். விளையாட்டுக்கு விடுபவர் உயரத்தை விரும்புவார். மீன் பிடிப்பவருக்குத் தேவை, மாறாத உயரம். எங்கள் பட்டத்துக்கு இரண்டாவது வகைச் சூத்திரம் போட்ட பிறகுதான் வளையம் நீரை விட்டு அகலாமல் துள்ளியது. ஒரு முரல் சிக்கவும் செய்தது. அதன் பற்களிலிருந்து நூலைப் பிரிக்க ஊசி தேவைப்பட்டது.

அந்தச் சூத்திரத்தோடுதான் உங்களிடம் பட்டத்தைக் கொடுத்தேன். இப்போது விளையாட்டு அறையில் அதை அவிழ்த்து, அழகாகத் தெரியும்படி நெற்றியில் ஒரே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அப்படிக் கட்டினால் அந்தப் பட்டம் பறக்கவே பறக்காது.

இது ஏதோ ஒரு தீவின் வினோதம் என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தோனேசியத் தீவுகள் தொடங்கி மெலனீசியா வரை இந்தப் பழக்கம் பரவியிருந்ததை ஆக்ஸ்போர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஹென்றி பால்ஃபர் 1913இலேயே ஊர் ஊராகத் தொகுத்து எழுதியிருக்கிறார். இலையும் ஈர்க்கும் மண்ணில் மக்கிவிடும். தோண்டி எடுக்க எதுவும் மிஞ்சாது. அதனால் எழுத்தும் காகிதமும் வைத்திருந்தவர்கள் மட்டுமே பட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று ஒரு பலகை சொல்வது நியாயமில்லை.

அடுத்தது, கூடத்தின் சுவரில் நீங்கள் இன்னும் விட்டுவைத்திருக்கும் படம். சீனத் தளபதி ஹான் சின் பட்டம் விட்டு, அந்த நூலை அளந்து, அரண்மனைக்குச் சுரங்கம் தோண்ட எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்தார் என்கிறது அது. வரலாறாகவே எழுதியிருக்கிறீர்கள். ஹான் சின் இறந்தது கி.மு. 196இல். இந்தக் கதை எழுத்தில் கிடைப்பது ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு, சோங் அரசுக் காலத்தில். எழுதியவரே இது வழிவழியாகச் சொல்லப்படுவது என்றுதான் எழுதினார். கதையைக் கதை என்று சொல்லிவிட்டுப் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் அந்தப் படத்தில் கணக்கும் தவறு. பட்டம் நேரே அரண்மனைக்கு மேலே நிற்கிறது, கீழே நூலின் நீளமே தூரம் என்று போட்டிருக்கிறது. நூல் சாய்ந்து போகிறது, தூரமோ தரையில் கிடக்கிறது. பட்டம் 60 டிகிரி கோணத்தில் நின்றால், விட்ட நூல் 400 மீட்டர் என்றால், தரைத் தூரம் 200 மீட்டர்தான். உங்கள் படத்தை நம்பிச் சுரங்கம் தோண்டினால் அரண்மனையைத் தாண்டி இன்னொரு 200 மீட்டர் போய் எழவேண்டியதுதான். கோணம் தெரியாமல் நூலை மட்டும் வைத்து எதையும் அளக்கமுடியாது.

கோணம் தெரிந்தாலும் ஒரு பிழை மிஞ்சும். அதை மாணவர்களோடு திடலில் அளந்து பார்த்திருக்கிறேன். கோணமானியின் நடுவில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, அதன் விளிம்பு வழியே பட்டத்தைப் பார்த்தோம். 45 டிகிரி. விட்ட நூல் 100 மீட்டர். நூல் விறைப்பாக இருந்தால் பட்டம் 71 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். ஒரு பையனை ஓடவிட்டு, பட்டம் நேர் தலைக்கு மேலே வரும் இடத்தில் நிற்கச் சொன்னோம். எங்களிடமிருந்து அவன் நின்ற இடம் நாடாவில் 67 மீட்டர். 45 டிகிரியில் தரைத் தூரமும் உயரமும் சமம் என்பதால் உண்மையான உயரமும் 67 மீட்டர்தான். விடுபட்ட 4 மீட்டரை நூலின் தொய்வு தின்றுவிட்டது. நூலுக்கு எடை உண்டு, காற்றும் அதைத் தள்ளும். நூல் நீள நீள இந்தத் தொய்வு கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு நூல் விட்டாலும் பட்டம் ஏறாது, நூல்தான் கிடைமட்டமாகப் போகும்.

இந்தத் தடையைத் தாண்டிய கதைக்காகத்தான் தொடர்பட்டத்தின் மாதிரியைச் செய்து கொடுத்தோம். அதை இப்போது அலங்காரத் தோரணமாகக் கட்டியிருக்கிறீர்கள்.

1749இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அருகே அலெக்சாண்டர் வில்சன் என்பவரும், அவரோடு தங்கியிருந்த தாமஸ் மெல்வில் என்ற மாணவரும், மேலே போகப்போகக் காற்றின் வெப்பம் எப்படி மாறுகிறது என்று அறிய நினைத்தார்கள். ஆளை ஏற்றிச் செல்லும் பலூன் வர இன்னும் 34 ஆண்டுகள் இருந்தன. 4 அடி முதல் 7 அடி வரை உயரமுள்ள அரை டஜன் காகிதப் பட்டங்களை ஒரே வரிசையில் கோத்தார்கள். முதல் பட்டம் தன் நூலைத் தூக்கி நிறுத்தியதும், அந்த நூலின் அடிமுனையை அடுத்த பட்டத்தின் முதுகில் கட்டி அதையும் ஏற்றுவது. இப்படி ஒவ்வொரு பட்டமும் தனக்குக் கீழே உள்ள நூலின் பாரத்தைத் தானே சுமப்பதால் தொய்வு ஒரே இடத்தில் சேராது. உச்சியில் இருந்த பட்டம் சில சமயம் வெண்மேகத்துக்குள் மறைந்தது.

வெப்பமானியைக் கட்டி ஏற்றினால் மட்டும் போதுமா? பட்டத்தை இறக்கி முடிப்பதற்குள் அது வழியில் உள்ள காற்றின் சூட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு, கையில் கிடைக்கும்போது தரையின் வெப்பத்தையே காட்டும். எங்கள் பிள்ளைகள் செய்தபோது நடந்ததும் இதுவே. பள்ளிக்கூட வெப்பமானியில் மேலும் கீழும் ஒரே அளவு. நூறு மீட்டர் உயரத்தில் ஒரு டிகிரிகூட முழுசாகக் குறையாது என்பதால் அந்தச் சிறு வித்தியாசமும் வழியிலேயே தொலைந்துபோனது. வில்சன் இதற்கு வழி கண்டார். வெப்பமானிகளைக் காகிதக் குஞ்சங்களில் பொதிந்து, மெல்ல எரியும் திரியில் கட்டி அனுப்பினார். திரி எரிந்து அறுந்ததும் வெப்பமானி விடுபட்டு, குஞ்சத்தின் தயவில் உடையாமல் கீழே வந்து சேர்ந்தது. சாவகாசமாகச் சுருட்டி இறக்குவதைவிட இது பல மடங்கு வேகம்.

அந்தத் தொடர்பட்ட முறையே பின்னால் வானிலை நிலையங்களின் அன்றாட வேலையானது. நூலுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி, காகிதத்துக்குப் பதில் துணி போர்த்திய பெட்டிப் பட்டம், அதன் வயிற்றில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தானே வரைந்துகொள்ளும் கருவி. ஜெர்மனியின் லிண்டன்பெர்க் ஆய்வகத்தில் 1919 ஆகஸ்ட் 1 அன்று எட்டுப் பட்டங்கள் கோத்த தொடர் 9,740 மீட்டர் ஏறியது. எவரெஸ்டைவிட உயரம். நாங்கள் கொடுத்த பெட்டிப் பட்டம் அந்த வழி வந்தது. அதை நீங்கள் இப்போது பொம்மை வைக்கும் அலமாரியாக்கியிருக்கிறீர்கள். உள்ளே ஒரு கரடி பொம்மை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சைகைப் பட்டத்தைப் பற்றிய அட்டையையும் எடுத்துவிட்டீர்கள். அதை எழுத நான் அதிகம் சிரமப்பட்டேன், ஏனென்றால் பட்டத்தைப் பற்றி நம்பத்தக்க மிகப் பழைய எழுத்துப் பதிவுகளில் ஒன்று அதுதான். 549இல் சீனாவின் லியாங் அரசின் தலைநகரைக் கிளர்ச்சித் தளபதி ஹோ ஜிங் முற்றுகையிட்டிருந்தார். இன்றைய நான்ஜிங் நகரம் அது. கோட்டைக்கு வெளியே அரசுப் படைகள் இருந்தன, தகவல் சொல்லத்தான் வழியில்லை. காகிதப் பட்டத்தில் நீண்ட கயிறு கட்டி, ஆணையை அதற்குள் வைத்து விடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இதைக் கொண்டுசேர்த்து உதவிப் படையை அனுப்ப வைப்பவருக்கு லியாங் என்ற எடை அளவில் நூறு லியாங் வெள்ளி பரிசு என்று அதன்மேல் எழுதினார்கள். வடமேற்குக் காற்று வீசியபோது பட்டத்து இளவரசரே அரண்மனை மண்டபத்தின் முன் நின்று அதை ஏற்றினார். முற்றுகையிட்டவர்கள் அதை ஏதோ மாந்திரீகம் என்று பயந்து அம்பெய்து வீழ்த்திவிட்டார்கள். செய்தி போய்ச் சேரவில்லை, சில வாரங்களில் கோட்டையும் விழுந்தது.

தோற்றுப்போன முயற்சி என்பதால்தான் இதை நான் நம்புகிறேன். பெருமைக்காகக் கட்டிய கதை இப்படி முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் படைவீரர்கள் பட்டத்தைப் பார்த்து மாந்திரீகம் என்று பயந்தார்கள். தெருவுக்குத் தெரு பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்த நாடாக இருந்திருந்தால் அப்படிப் பயந்திருப்பார்களா? சிறுவர்கள் பட்டம் இழுத்து ஓடும் காட்சி சீனக் கவிதைகளில் வருவது அதற்கு அப்புறம், டாங் அரசுக் காலத்தில். உங்கள் பலகையின் "தோன்றிய விளையாட்டுப் பொருள்" என்ற வாசகத்துக்கு இதைவிட நேரான மறுப்பு என்னிடம் இல்லை.

மீன்பிடிப் பட்டம், அளக்கும் பட்டம், சைகைப் பட்டம் மூன்றையும் நான் ஒரே கூடத்தில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூன்றிலும் பட்டம் செய்யும் வேலை ஒன்றே. கை எட்டாத ஓரிடத்தில் ஒரு நூலின் முனையை நிறுத்திவைப்பது. அந்த முனையில் தூண்டிலும் கட்டலாம், வெப்பமானியும் கட்டலாம், அரச ஆணையும் கட்டலாம். 1901 டிசம்பரில் மார்கோனி நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் பட்டம் ஏற்றி, ஏறத்தாழ 150 மீட்டர் வானலைக் கம்பியை அதில் தூக்கிப் பிடித்ததும், இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த விமானிகளின் உயிர்காப்புப் படகில் வானொலிப் பெட்டியோடு பெட்டிப் பட்டமும் மடித்து வைக்கப்பட்டதும் இதே வேலைக்காகத்தான். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை தன் பட்டத்தின் முனையில் எதைக் கட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கும். அந்தக் கேள்வியோடு வந்த மாணவர்களை எனக்குத் தெரியும்.

மாஞ்சா நூலால் கழுத்து அறுபட்ட செய்திகள் வரும் ஊரில் பட்டத்தைப் பெரிதுபடுத்தவேண்டாம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த அக்கறை எனக்கும் உண்டு. கண்ணாடித் தூள் பூசிய நூலும் நைலான் நூலும் தடைசெய்யப்பட்டது சரியே. ஆனால் மாஞ்சா, அடுத்தவர் பட்டத்தை அறுக்கும் போட்டிக்காக வந்தது. மீன் பிடிப்பவருக்கோ வெப்பம் அளப்பவருக்கோ நூல் அறுபடாமல் இருப்பதுதான் தேவை. பட்டத்தை வெறும் விளையாட்டு என்று மட்டும் காட்டினால் பிள்ளைகள் அந்தப் போட்டியைத் தவிர வேறு எதைத் தேடிப் போவார்கள்?

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

"சீனாவில் தோன்றிய விளையாட்டுப் பொருள்" என்ற பலகையை உடனே எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, பட்டம் மீன் பிடிக்கவும் செய்தி அனுப்பவும் அளக்கவும் பயன்பட்ட விவரத்தைச் சொல்லும் பழைய அட்டைகளை மாட்டுங்கள். அவை தொலைந்திருந்தால் என்னிடம் படி இருக்கிறது.

ஹான் சின் படத்தில் இது வழிவழிக் கதை என்று எழுதுங்கள். நூலின் நீளத்தையும் தரைத் தூரத்தையும் தனித்தனியாகக் காட்டி, கோணத்தோடு புதிதாக வரையுங்கள். பக்கத்தில் ஒரு கோணமானியும் கல் கட்டிய நூலும் வையுங்கள், பிள்ளைகள் கூரையில் தொங்கும் பட்டத்தின் உயரத்தைத் தாங்களே அளக்கட்டும்.

ஓலைப் பட்டத்தின் சூத்திரத்தை முன்பு இருந்தபடி கட்ட என்னை அனுமதியுங்கள். பெட்டிப் பட்டத்திலிருந்து பொம்மையை எடுத்துவிட்டு, கருவி தொங்கிய கொக்கியை மறுபடி பொருத்துங்கள். தொடர்பட்டத்தைத் தோரணமாக இல்லாமல், கீழிருந்து மேலே ஏறும் ஒரே சாய்வான வரிசையாகக் கட்டுங்கள்.

சிலந்தி வலைத் தூண்டிலைப் புதிதாகச் செய்ய மழைக்காலம் முடியும்வரை பொறுக்கவேண்டும். அப்போதுதான் தோப்பில் வலைகள் இருக்கும். செய்து தருகிறோம். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, இது தூண்டில் என்று தமிழில் எழுதி ஒட்டுவதாக உங்கள் குழு எழுத்தில் உறுதி தரவேண்டும். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் பிள்ளைகளைத் தோப்புக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
அந்தப் பட்டங்களைச் செய்து கொடுத்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்